விலையைக் கட்டிப் பிடித்த கைகள் ஏன் தளர்ந்தன?

தேயிலைக்கு விலை இறங்கும்போதெல்லாம் ஒரு பேச்சு எழும். “தேயிலை விளையும் நாடுகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, இந்த விலைக்குக் கீழே விற்க மாட்டோம் என்று நின்றால் போதும்; விலை தானாக ஏறும், சம்பளமும் ஏறும்” என்பார்கள். கம்பனிக்காரரும் சொல்வார்கள், அமைச்சர்களும் சொல்வார்கள். நம்மிலும் பலர் நம்புகிறார்கள். ஒற்றுமையின் பலத்தை நாம் அறிந்தவர்கள். ஆகவே இந்தப் பேச்சு நம் காதுக்கு இனிப்பாகத்தான் இருக்கும்.

விற்பவர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதை ஆங்கிலேயர் கார்ட்டல் என்பார்கள். நாம் விலைக்கூட்டு என்றே சொல்வோம். இந்த நாட்டில் அது பரீட்சித்துப் பார்க்கப்படாத மருந்து அல்ல. நமது பாட்டன், பாட்டி பால் வெட்டிய காலத்திலேயே இறப்பருக்கு அதைச் செய்து பார்த்தார்கள். 1922 நவம்பர் 1ஆம் திகதி தொடங்கி 1928 நவம்பர் 1ஆம் திகதி முடிந்த அந்த ஆறு வருடக் கதையை நமது வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடை தாவரத் தோட்டத்தில் 1876இல் நடப்பட்ட கன்றுகளிலிருந்துதான் இங்கே இறப்பர் தொடங்கியது. மோட்டார் வண்டி வந்தது, டயர் வந்தது. 1910இல் லண்டனில் ஒரு றாத்தல் இறப்பர் 12 ஷிலிங்குக்கும் மேலே போனது. அந்த ஆசையில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று இங்கேயும், மலாயாவிலும், ஒல்லாந்தர் வசமிருந்த ஜாவா, சுமாத்திராவிலும் காடுகளை வெட்டி இறப்பர் நட்டார்கள். இறப்பர் மரம் பால் தர ஆறு, ஏழு வருடம் ஆகும். ஆசைப்பட்டு நட்ட மரங்களெல்லாம் ஒரே காலத்தில் பாலுக்கு வந்தன. முதலாம் உலக யுத்தத்துக்குப் பின் வியாபாரமும் படுத்தது. 1922இல் ஒரு றாத்தல் 8 பென்சுக்கும் கீழே இறங்கியது. 12 பென்ஸ் சேர்ந்தால்தான் ஒரு ஷிலிங் என்பதை இளையவர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

தோட்டச் சொந்தக்காரர்கள் முதலில் தமக்குள்ளேயே பேசிப் பார்த்தார்கள். லண்டனில் இருந்த இறப்பர் பயிர்ச்செய்கையாளர் சங்கம், 1920 நவம்பரிலிருந்து ஒவ்வொருவரும் விளைச்சலில் நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று கேட்டது. பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். சட்டமில்லை, அபராதமில்லை, வாய்ச்சொல் மட்டும்தான். ஒரு வருடம் கொஞ்சம் கடந்ததும் அது கலைந்தது.

ஏன் கலைந்தது என்பதை ஐந்தாம் வகுப்புக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு தோட்டத்தில் மாதம் 1000 றாத்தல் இறப்பர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் இஷ்டப்படி விற்றால் றாத்தலுக்கு 8 பென்ஸ்; வரவு 8000 பென்ஸ். எல்லாத் தோட்டங்களும் 600 றாத்தல் மட்டும் விற்பதென்று கட்டுப்பட்டு, அதனால் விலை 15 பென்சுக்கு ஏறுகிறது என்று கொள்வோம். வரவு 9000 பென்ஸ். குறைவாக வெட்டி அதிகமாகச் சம்பாதிக்கிறார்கள், வெட்டுக்கூலியும் மிச்சம். இதுவரை நல்ல கணக்குத்தான்.

இப்போது ஒரு துரை மட்டும் இரவில் உட்கார்ந்து யோசிக்கிறார். மற்றவர்களெல்லாம் 600உடன் நிற்கும்போது தான் ஒருவர் 1000 றாத்தலையும் விற்றால் என்ன? உலகச் சந்தையில் அந்த 400 றாத்தல் கடலில் கரைத்த உப்பு; விலை அசையாது. அவருக்கு வரவு 15,000 பென்ஸ். அவர் கெட்டவர் என்பதற்காக இப்படி நினைக்கவில்லை, கணக்கு அவரை அங்கே கொண்டு போகிறது. அதே இரவில் பக்கத்துத் தோட்டத்து துரையும் அதே கணக்கைத்தான் போடுகிறார். பலர் அப்படிச் செய்ததும் விலை மறுபடி 8 பென்சில் வந்து நிற்கிறது. அப்போது சொல்லுக்குக் கட்டுப்பட்டு 600 றாத்தலோடு நின்றவருக்குக் கிடைப்பது 4800 பென்ஸ் மட்டுமே. அடுத்த முறை கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அவர் வருவாரா?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாக்கு மீறியவர் மேல் இந்தக் கூட்டாளிகள் புதுக்கடைக்குப் போய் வழக்கு வைக்க முடியாது. விலையை ஏற்றுவதற்காக வியாபாரிகள் தமக்குள் செய்த ஒப்பந்தத்தை, வியாபாரத்துக்குத் தடையான ஒப்பந்தம் என்று ஒதுக்குவதே ஆங்கிலச் சட்டத்தின் பழைய வழக்கம். இன்றைக்கும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், போட்டியைக் கெடுக்கும் நடைமுறைகளை விசாரிக்க இடமுண்டு. கடன் பத்திரத்துக்கு நீதிமன்றம் துணை நிற்கும். கூடிப் பேசி ஏற்றிய விலைக்கு எந்த நீதிமன்றமும் துணை நிற்காது. நம்பிக்கை ஒன்றுதான் அதற்குக் காவல், அந்தக் காவலின் கதையை மேலே பார்த்தோம்.

ஆகவே துரைமார் அரசாங்கத்திடம் போனார்கள். அப்போது குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சேர்ச்சில். அவர் 1921இல் சேர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். அந்தக் குழு முதலில் சொன்னது, ஒல்லாந்தரும் சேராவிட்டால் கட்டுப்பாடு பலிக்காது என்பதைத்தான். ஒல்லாந்தர் வர மறுத்துவிட்டார்கள். 1922 ஒக்டோபரில் அதே குழு, பரவாயில்லை, நாமே தொடங்குவோம் என்று எழுதியது. உலகத்து இறப்பரில் நூற்றுக்கு எழுபது அளவு பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் விளைந்ததால் வந்த தைரியம் அது. முதல் அறிக்கையில் சொன்ன வார்த்தைதான் கடைசியில் பலித்தது.

திட்டம் கெட்டிக்காரத்தனமாகவே இருந்தது. 1919 நவம்பர் முதல் 1920 ஒக்டோபர் வரை ஒவ்வொரு தோட்டமும் எடுத்த விளைச்சலை அதன் அளவுகோலாக எடுத்தார்கள். அதில் 60 வீதத்தை மட்டும் குறைந்த தீர்வையுடன் ஏற்றுமதி செய்யலாம். அதற்கு மேல் ஏற்றினால் தீர்வை படிப்படியாக ஏறி, மிச்சமே இல்லாமல் செய்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லண்டன் விலையைப் பார்த்து, 1 ஷிலிங் 3 பென்சை எட்டினால் வீதத்தைக் கூட்டுவார்கள், குறைந்தால் குறைப்பார்கள். காவலுக்கு துரைமாரின் நாணயத்தை நம்பவில்லை. கொழும்புத் துறைமுகத்துச் சுங்கம்தான் காவல். இலங்கையில் விளைந்த இறப்பர் கப்பலில் ஏறித்தான் ஆகவேண்டும். கப்பல் ஏறும் இடத்தில் எண்ணினால் போதும். வாய்ச்சொல் ஒரு வருடத்தில் கலைய, இது ஆறு வருடம் நின்றதற்குக் காரணம் அந்த ஒரு வாசல்தான்.

மலாயாவில் அந்த வாசல் அவ்வளவு இறுக்கமாக இல்லை. கடல் தாண்டினால் சுமாத்திரா. அங்கே கட்டுப்பாடு கிடையாது. இரவில் வள்ளங்களில் இறப்பர் அக்கரைக்குப் போய், ஒல்லாந்தர் தேசத்து இறப்பராகப் பெயர் மாறி உலகச் சந்தைக்கு வந்தது. ஏற்றுமதி உரிமைச் சீட்டுகளே கைமாறி விலைபோயின. ஆனாலும் கள்ளக்கடத்தல் இந்தத் திட்டத்தைக் கொல்லவில்லை. கொன்றது அதைவிடப் பெரியது, அது பகல் வெளிச்சத்தில் நடந்தது.

முதல் இரண்டு வருடம் விலை இலக்கைப் பெரிதாகத் தாண்டவில்லை. 1924 இறுதியில் வீதம் 50க்கு இறங்கியது. ஒரு தோட்டம் தன் பாதி விளைச்சலை மட்டுமே தாராளமாக ஏற்றலாம். அந்த நேரத்தில் அமெரிக்காவில் மோட்டார் வண்டி வியாபாரம் பொங்கியது. கையிருப்பு தீர்ந்தது. 1925 நடுப்பகுதியில் றாத்தல் 4 ஷிலிங்கைத் தாண்டிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து வீதமாகத் தளர்த்தும் கயிறு, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இலக்கு வைத்தது 1 ஷிலிங் 3 பென்ஸ். கிடைத்தது அதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். லண்டனில் பங்குதாரர்கள் கொண்டாடினார்கள்.

அந்த 4 ஷிலிங்கை வேறு சிலரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுமாத்திராவிலும் போர்னியோவிலும் இருந்த சிறு விவசாயிகள் காட்டை வெட்டி எரித்து நெல் விதைப்பவர்கள். நெல் அறுத்தபின் அதே நிலத்தில் இறப்பர்க் கன்றை ஊன்றிவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். அவர்களுக்கு துரை இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை, லண்டனுக்கு அனுப்ப வேண்டிய இலாபப் பங்கும் இல்லை. விலை ஏறியபோது குடும்பமாக இறங்கி வெட்டினார்கள், இன்னும் நட்டார்கள். இங்கே நமது மக்கள் பால் வெட்டாமல் நிறுத்தி வைத்த மரங்கள்தான் அவர்களுடைய விலையைத் தாங்கிப் பிடித்தன. கூட்டுக்குள் இருப்பவன் பட்டினி கிடந்து காப்பாற்றும் விலையில் கூட்டுக்கு வெளியே இருப்பவன் வயிறாரச் சாப்பிடுகிறான். விலைக்கூட்டின் அடிப்படை வியாதி இதுதான்.

வாங்குபவர்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் வர்த்தகச் செயலாளர் ஹேர்பர்ட் ஹூவர், டயரைச் சிக்கனமாகப் பாவியுங்கள் என்று நாடு முழுவதும் பிரசாரம் செய்தார். பழைய டயரிலிருந்து இறப்பரை மீட்டு மீண்டும் பயன்படுத்துவது பெருகியது. ஃபயர்ஸ்டோன் கம்பனி 1926இல் ஆபிரிக்காவின் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கர் வரை 99 வருடக் குத்தகை பெற்றது. ஹென்றி ஃபோர்ட் பிரேசில் காட்டில் ஒரு நகரத்தையே கட்டினார். (அவருடைய மரங்களை இலைநோய் தின்றுவிட்டது. பணம் இருந்தால் இறப்பர் வளரும் என்று நினைத்தவருக்கு, அதே காடுதான் பதில் சொன்னது.) விலை குறைவாக இருந்த காலத்தில் இவர்கள் யாரும் இறப்பர் நடும் எண்ணத்திலேயே இருந்ததில்லை.

1926இல் விலை இறங்கத் தொடங்கியது. கயிற்றை மறுபடி இறுக்கி 60 வீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். பலிக்கவில்லை. இவர்கள் குறைத்த ஒவ்வொரு மூடைக்கும் ஈடாக வெளியிலிருந்து ஒரு மூடை வந்தது. நூற்றுக்கு எழுபதாக இருந்த பிரித்தானியர் பங்கு பாதியை ஒட்டி இறங்கிவிட்டது. 1928 ஏப்ரிலில் பிரதமர் போல்ட்வின், நவம்பரோடு கட்டுப்பாடு முடிகிறது என்று அறிவித்தார்.

கதை அங்கே முடிந்திருந்தால் பரவாயில்லை. மரத்துக்கு ஆறு, ஏழு வருடம் என்று முன்பே சொன்னோம். 1925இன் 4 ஷிலிங்கைப் பார்த்து நட்ட மரங்கள் பாலுக்கு வந்தது 1931, 1932இல். உலகமே மந்தத்தில் கிடந்த நேரம் அது. 1932இல் லண்டனில் றாத்தல் இறப்பர் 2 பென்சுக்கும் கீழே போனது. 1922இல் எந்த விலையைக் கண்டு பயந்து கூட்டுச் சேர்ந்தார்களோ, அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தப் பத்து வருடத்திலும் நமது ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், வீதக் கணக்குக்குள்தான் இருந்தார்கள். 60 வீதம் என்பது ஏட்டில் ஓர் எண். தோட்டத்தில் அது ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு, ஓய்வு கொடுத்த மரங்கள், குறைந்த பேர். விலை 4 ஷிலிங்குக்கு ஏறிய 1925இல் நமக்குச் சட்டபூர்வமான குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று இல்லை. அதற்கான சட்டம் 1927இல் வந்து, 1929இல் தான் நடைமுறைக்கு வந்தது: ஆணுக்கு நாளொன்றுக்கு மலைநாட்டில் 54 சதம், நடுநாட்டில் 52, கீழ்நாட்டில் 50. பெண்களுக்கு அதிலும் குறைவு. சில வருடங்கள்தான் போயின. விலை விழுந்தது என்று காரணம் சொல்லி 1932இலும் 1933இலும் அந்தச் சதங்களையும் வெட்டினார்கள். இறப்பர்த் தோட்டங்கள் பல வெட்டை நிறுத்தின. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியபோது கூடவே ஏறாத சம்பளம், விலை இறங்கியபோது மட்டும் கைகோத்து இறங்கியது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. விற்பதில் மட்டுமல்ல, ஆள் பிடிப்பதிலும் துரைமார் இப்படிக் கூட்டுச் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். ‘துண்டு’ என்பதை நமது மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்: ஒரு கங்காணியின் ஆட்கள் தோட்டத்துக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனைக் கட்டும் தோட்டம் அந்த ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஆளை ஒருவர் கூடுதல் முன்பணம் காட்டி இழுக்கக் கூடாது என்று தோட்டக்காரர்கள் தமக்குள் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டார்கள். இறப்பர் மரங்கள் பாலுக்கு வந்து ஆள் தேவைப்பட்டதும் அந்தப் பேச்சு காற்றில் போனது. மேலே போட்ட 600 றாத்தல் கணக்கேதான், வாங்குபவர் பக்கத்திலிருந்து. 1921இல் துண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அப்படியானால் எந்தக் கூட்டுமே நிலைப்பதில்லையா? தேயிலையில் ஒன்று நிலைத்தது. 1930இல் இந்தியா, இலங்கை, ஒல்லாந்தர் தேசத்துத் தேயிலைக்காரர்கள் வாய்ச்சொல்லாகச் செய்த ஒப்பந்தம் ஒரே வருடத்தில் போய்விட்டது. 1933 ஏப்ரிலில் மூன்று அரசாங்கங்களும் சட்டமாகவே செய்தன. இறப்பரின் பாடத்தை அவர்கள் படித்திருந்தார்கள் என்பது தெரிகிறது. இம்முறை ஒல்லாந்தர் உள்ளே இருந்தார்கள். முதல் வருடம் ஏற்றுமதியை 85 வீதமாகத்தான் குறைத்தார்கள். ஆகாயத்துக்கு விலை ஏற்றி வெளியாரை உசுப்பிவிடவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், புதிதாகத் தேயிலை நடுவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார்கள். கென்யா முதலான கிழக்கு ஆபிரிக்க நாடுகளும் அப்போது பிரித்தானியர் கையில் இருந்ததால், அங்கும் நடுகைக்கு எல்லை போட முடிந்தது. இடையில் யுத்தம் வந்தும், புதுப்பித்துப் புதுப்பித்து 1955 வரை அந்த ஒப்பந்தம் போனது.

ஏகாதிபத்தியத்தின் ஒரே கை பல நாடுகளின் கழுத்தைப் பிடித்திருந்ததால் முடிந்த காரியம் அது. அந்தக் கை போனபின் கென்யாவின் சிறு விவசாயி ஏன் நடாமல் இருக்க வேண்டும்? அவன் நட்டான். 1969இல் மொரிஷியசில் தேயிலை நாடுகள் மறுபடி கூடி 1970க்கு ஏற்றுமதிப் பங்கு பிரித்தன. பழைய நாடுகள் பழைய கணக்கைக் காட்டிப் பங்கு கேட்டன. புதிய நாடுகள், எங்கள் செடி இப்போதுதான் வளர்கிறது, வளரும் செடிக்குப் பங்கு கொடுங்கள் என்றன. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனாலேயே அது நிலைக்கவில்லை. இன்று ஏற்றுமதி அளவில் கென்யா நமக்கு முன்னே நிற்கிறது.

2013 ஜனவரியில் கொழும்பில் சர்வதேச தேயிலை உற்பத்தியாளர் மன்றம் தொடங்கப்பட்டபோது, இலங்கை, இந்தியா, கென்யா உட்பட்ட நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்தன. தரம், விளம்பரம், தகவல் என்று பேசினார்கள். ஏற்றுமதிப் பங்கைத் தொடவில்லை. காரணத்தை நாம் இந்நாட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம். 1922இல் எண்ணுவதற்கு ஒரு துறைமுகமே போதுமாக இருந்தது. இன்று இலங்கைத் தேயிலையில் எழுபது வீதத்துக்கு மேல் தருபவர்கள் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறு தோட்ட உடைமையாளர்கள். லட்சக் கணக்கான வீடுகள். கொழுந்து ஏழு நாளைக்கு ஒருமுறை வரும். பத்துப் பேர்ச் நிலத்தில் தேயிலை வைத்திருப்பவரிடம் போய், உலக விலைக்காக இந்த வாரம் பறிக்காதே என்று யார் சொல்வது? சுங்கத்தில் பங்கைக் குறைத்தால் தொழிற்சாலை கொழுந்து வாங்குவதைக் குறைக்கும். பெருந்தோட்டத்திலோ, எந்த மலையை இந்த வாரம் பறிக்காமல் விடுவது என்று காலையில் பிரட்டுக்களத்தில் தீர்மானிப்பார்கள். அந்த மலைக்குரிய பேர் அன்று யாருக்கும் விழாது.